விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு, உடுப்புத் தோய்ப்பது பற்றி

கோண்டாவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

பஸ் ஏறுகிற அவசரத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதுதான் எழுதித் துவாய்களுக்கு நடுவில் வைக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி அப்பா போதும் போதுமென்று சொல்லிவிட்டார். நான் உடுப்புக் கதையோடு நிற்கிறேன்.

இங்கே பாதி வேலையை வெயில்தான் செய்தது. காலையில் கொடியில் போட்டதை மத்தியானம் எடுத்து மடித்தாய். பேராதனையில் அதை எதிர்பார்க்காதே. மழை பிடித்தால் டெனிம் ஒன்று காய நாள்கணக்கில் எடுக்கும். ஈரம் விடாமல் மடித்து அலுமாரிக்குள் வைத்தால் பருத்தித் துணியில் கறுப்புப் புள்ளி விழும், பிறகு லேசில் போகாது. அதனால் கிழமை முழுக்கச் சேர்த்து வைத்து ஞாயிறன்று குவிக்கிற பழக்கத்தை விடு. குளிக்கப் போகும்போதே உள்ளுடுப்பையும் சொக்ஸையும் அலசிவிடு. வெயில் தெரிகிற நாளில் முதலில் டெனிமையும் துவாயையும் தோய்.

அப்புறம் தண்ணி. எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது, சவர்க்காரம் சுணங்கித்தான் நுரைக்கும். அதுதான் நீ தூளை அள்ளிக் கொட்டிப் பழகியிருக்கிறாய். அங்கே அதில் பாதி காணும். கூடினால் எத்தனை வாளி தண்ணி விட்டாலும் வழவழப்புப் போகாது, காய்ந்த துணி விறைக்கும், உடம்பும் கடிக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல் அம்மம்மா பனங்களியில் உடுப்புத் தோய்த்தவ. அவவிடம் கேட்டால் ஒரு கரண்டித் தூளின் பெறுமதி சொல்லுவா.

பிரிக்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காதே, துணியையும் பார். துவாயோடு கறுப்பு லெக்கின்ஸைப் போட்டால் சாயம் ஒட்டாவிட்டாலும் பஞ்சு முழுக்க லெக்கின்ஸில் ஏறும். லாப் கோட்டைத் தனி வாளியில்தான் ஊற வைக்க வேண்டும். அதில் என்னென்ன பட்டிருக்கும் என்று உனக்குத்தான் தெரியும், உள்ளுடுப்போடு சேர்க்காதே. புது மெரூன் பஞ்சாபியைத் தோய்க்க முதல், உள்பக்கத் தையலில் ஈர வெள்ளைத் துணியால் அழுத்திப் பார். நிறம் ஒட்டினால் இரண்டு மூன்று தோய்ச்சலுக்குத் தனியாக, பச்சைத் தண்ணியில், ஊற வைக்காமல் அலசி எடு. எல்லா நிற உடுப்பையும் உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் போடு.

கறைக்கு அவசரப்பட்டுச் சுடுதண்ணி ஊற்றாதே. மாதவிடாய்க் கறையில் சுடுதண்ணி பட்டால் இறுகிப் பிடித்துவிடும். பச்சைத் தண்ணியில் உடனே அலசி, பிறகு சவர்க்காரம் போடு. கறி பட்ட வெள்ளைச் சட்டையில் சவர்க்காரம் பட்டவுடன் மஞ்சள் கறை செக்கச் செவேலென்று மாறும். பயப்படாதே, மஞ்சளின் குணம் அது. நன்றாக அலசி, ஈரத்தோடு வெயில் படுகிற இடத்தில் போடு. வெயில் மஞ்சளை மங்கச் செய்யும், ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் போடு. பிளீச் வெள்ளைப் பருத்திக்கு மட்டும்தான். பட்டிலும் கம்பளியிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது.

குளிருக்கென்று சின்னம்மா தந்த கம்பளிச் சுவெற்றரைத் தேய்க்கவோ முறுக்கவோ கூடாது, சுருங்கிப் பொம்மைச் சட்டையாகிவிடும். பச்சைத் தண்ணியில் கொஞ்சம் ஷாம்பூ கலந்து அமுக்கி எடுத்து, துவாய்க்குள் சுருட்டி ஈரத்தை எடு. கொடியில் தொங்கவிட்டால் கை நீண்டுவிடும், மேசையில் விரித்துக் காயவிடு.

மினுக்கும்போதுதான் கூடக் கவனம். விடுதி அயன் பொக்ஸை உனக்கு முன்னால் யாரோ பருத்திக்குச் சூடேற்றி வைத்திருப்பாள். அதே சூட்டில் உன் பொலியஸ்டர் பிளவுஸை வைத்தால் துணி உருகி அடியில் ஒட்டும். ஆறிய பெட்டியில் பொலியஸ்டரைத் தொடங்கு, பருத்தியைக் கடைசியில் மினுக்கு. சூடேற நேரம் எடுக்காது, ஆறத்தான் எடுக்கும். லேபலில் அயன் பொக்ஸ் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, மூன்று என்றால் நல்ல சூடு. வாளிக்குள் கை போட்ட படம் இருந்தால் மெஷினில் போடாதே. முக்கோணத்தில் குறுக்குக் கோடு என்றால் பிளீச் கூடாது.

பட்டுச் சாறியை நீ தோய்க்க வேண்டாம். விழாவுக்குக் கட்டினால் நிழலில் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றி வை. லீவுக்கு வரும்போது கொண்டு வா, நான் பார்க்கிறேன்.

கிளிப் இரண்டு டசின் பச்சைப் பையில் இருக்கிறது. கொடிக்கயிறும் போட்டிருக்கிறேன்.

அன்புடன்
அம்மா

பி.கு.: லாப் கோட் பொக்கெற்றைத் துளாவிப் பார்க்காமல் ஊற வைக்காதே. அதில் எப்போதும் ஒரு பேனை கிடக்கும், உன்னை எனக்குத் தெரியும்.