பச்சைக் குடம்

கபடி ஆடிவிட்டு வந்த கதிரின் முழங்கால்வரை கரிசல் புழுதி. திண்ணையோரம் ஆறு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. கைக்கு எட்டிய பச்சைக் குடத்தைச் சாய்த்துக் காலைக் கழுவினான். பாதிக் குடம் வாசலில் ஓடிப் போனது.

அப்பத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திட்டவில்லை.

"நாளைக்கு நாலு மணிக்கு எந்திரி ராசா. ஆத்துக்குப் போவோம்."

"ஆத்துல குளிக்கலாமா அப்பத்தா?"

"வந்து பாரு."

2019 மே மாதம் அது. சென்னையில் கதிரின் அபார்ட்மெண்ட்டுக்கு லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆனால் லாரித் தண்ணீரும் அங்கே குழாயில்தான் கொட்டும். அதனால் அவனுக்குக் குறை எதுவும் தெரியாது.

கமுதியைத் தாண்டி, இருட்டில் குண்டாற்றுக்குள் இறங்கினார்கள். ஆறு முழுக்க மணல். ஆங்காங்கே இடுப்பளவு குழிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெண், ஒரு குடம். அப்பத்தா தன் ஊற்றுக்குள் இறங்கி, மேல்மணலை வழித்துப் போட்டுவிட்டு ஏறினாள். கொட்டாங்குச்சியை அவன் கையில் கொடுத்தாள்.

"கலக்காம மொள்ளு. ஊறட்டும், அப்புறம் மறுபடி மொள்ளு."

ஒரு சிரட்டை. இரண்டு சிரட்டை. மூன்றாவதில் மணல் வந்தது. காத்திருந்தான். குழியின் ஓரத்திலிருந்து தண்ணீர் வியர்வை மாதிரி கசிந்தது. குடத்தின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணி வழியாக மெதுவாக ஊற்றினான். எண்பது வரை எண்ணினான். அதற்குமேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. குடம் நிரம்பியபோது கிழக்கு வெளுத்திருந்தது.

தள்ளுவண்டியில் வைக்கலாம் என்றாள் அப்பத்தா. அவன் கேட்கவில்லை. தோளில் தூக்கி நாலடி வைத்தான், சட்டை நனைந்தது. பேசாமல் கொண்டுவந்து வண்டியில் வைத்தான். வழியெல்லாம் ஒரு கை குடத்தின் மேலேயே இருந்தது.

பதினோரு மணி வெயிலில் உப்பு வியாபாரி ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "ஆத்தா, கொஞ்சம் தண்ணி."

அப்பத்தா நேரே பச்சைக் குடத்துக்குத்தான் போனாள். சொம்பு நிறைய மோந்து கொடுத்தாள்.

"அப்பத்தா, அது என் குடம்!"

"ஆமா. அதான் குடுக்கேன்."

அவர் அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதையே கதிர் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இன்னொரு சொம்பு. இவனுக்கு எண்பது சிரட்டையும் கண்ணில் வந்து போயின. மீசையைத் துடைத்துவிட்டு, அடியில் கிடந்த ஒரு வாய்த் தண்ணீரைத் தெருவில் வீசச் சொம்பை ஓங்கினார்.

"அண்ணே, அண்ணே! இருங்க!"

கதிர் பாய்ந்து சொம்பை வாங்கினான். வாசல் முருங்கைக் கன்றின் தூரில் சொட்டு விடாமல் கவிழ்த்தான்.

வியாபாரி அப்பத்தாவைப் பார்த்தார். அவள் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"மெட்ராஸ் பேரன்," என்றாள்.