தேவிக்கும் மாப்பிள்ளை செந்திலுக்கும்

ரங்கூன்
ஆவணி மாதம்

அன்புள்ள தேவிக்கும் மாப்பிள்ளை செந்திலுக்கும்,

உங்கள் கல்யாணத்துக்கு நாங்கள் வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் நான் இல்லாமல் போனேன். இதற்கு உங்கள் இருவரிடமும், மாப்பிள்ளையின் அப்பா அம்மாவிடமும் மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போனில் இரண்டு நிமிடம் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. போதாததற்கு, மின்சாரம் இருந்தால் இணையம் இல்லை, இணையம் இருந்தால் மின்சாரம் இல்லை. அதனால் கையால் எழுதி, தட்டோனுக்கு வருகிற நம்ம ஆள் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் ஒன்று. குமரன் நன்றாக இருக்கிறான். வீட்டுக்கு வந்துவிட்டான், சாப்பிடுகிறான். அதைத் தெரிந்துகொண்டு மீதியைப் படியுங்கள்.

அவனுக்குத் திங்கட்கிழமையே காய்ச்சல் வந்துவிட்டது. மழைக்காலத்துக் காய்ச்சல்தானே என்று இருக்காமல் மறுநாளே ரத்தம் பார்த்தோம். டெங்கு என்றார்கள். தண்ணீர், இளநீர், கஞ்சி எல்லாம் நிறையக் கொடுங்கள், தினமும் ரத்தம் பாருங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை விடிகாலையில் உடம்பு குளிர்ந்து காய்ச்சல் விட்டிருந்தது. அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். பையனைச் சின்னாச்சியிடம் விட்டுவிட்டு நான் மட்டுமாவது பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்தோம். சீர்ப்பெட்டி வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் அவன் வயிறு வலிக்கிறது என்றான். அடுத்தடுத்து வாந்தி. கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரமாம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியுமாம். ரத்தம் கெட்டியாகும், பிளேட்லெட் இறங்கும், கவனிக்காவிட்டால் நாடி விழுந்துவிடும். "இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் தாண்ட வேண்டும். அப்பா எங்கேயும் போகக் கூடாது" என்றார். அந்த ஒரு நாள், இரண்டு நாளுக்குள்தான் உன் முகூர்த்தம் இருந்தது, தேவி.

உன் அம்மாவுக்கு மட்டும் போன் செய்தேன். தாலி ஏறும் வரைக்கும் பிள்ளையிடம் சொல்லாதே அக்கா என்று கேட்டுக்கொண்டது நான்தான். "மாமா வந்துட்டாங்களா, வந்துட்டாங்களா" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்ததையும், பாதை சரியில்லை, வண்டி தாமதம் என்று அக்கா சமாளித்ததையும் அப்புறம் கேள்விப்பட்டேன். மணவறையில் உட்காரப் போகிற பிள்ளை கண்ணில் தண்ணீரோடு போகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தோம். கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள், அம்மா மேல் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்த நேரத்துக்கு அத்தை குமரன் பக்கத்தில் இருந்தாள். சின்னாச்சியின் மருமகள் நம்ம காளியம்மன் கோயிலுக்குப் போய் உங்கள் இருவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். அந்தக் குங்குமம் இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தைக் கணக்குப் பண்ணிக் கிழக்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். அன்று சாயந்திரம் குமரன் ஒன்றுக்குப் போனான், கஞ்சி வேண்டும் என்று கேட்டான். இனி பயமில்லை என்று டாக்டர் அம்மா சொன்னது அதற்குப் பிறகுதான்.

படங்கள் திங்கட்கிழமை ராத்திரிதான் வைபரில் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாக இறங்க இறங்கப் பார்த்தோம். பாண்டி மாமா உனக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருகிற படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடத்தை அவன் காலியாக விடவில்லை. அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மாப்பிள்ளை, உங்கள் அப்பா என்னிடம் பேசியபோது ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "பையனைப் பாருங்க, மற்றதெல்லாம் எங்க வீட்டு வேலை" என்றார். இப்படிப்பட்ட வீட்டில் எங்கள் பிள்ளை வாழப் போகிறாள் என்பது எங்களுக்கு எவ்வளவு தைரியம், தெரியுமா?

சரி, இனி செய்ய வேண்டியதைப் பேசுவோம். தாய்மாமன் சீர் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பட்டுச்சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, அத்தை தேடித் தேடி வாங்கிய வெள்ளிக் கிண்ணம், எல்லாம் கட்டிய கட்டு பிரிக்காமல் இருக்கிறது. பஸ்ஸில் பார்சலாகப் போட்டால் ஒரே நாளில் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாமன் சீர் தட்டில் வைத்துக் கையால் கொடுக்க வேண்டியது, பார்சலில் வரக் கூடாது.

அந்தச் சீரோடு ஆச்சியின் குத்துவிளக்கும் வருகிறது. தேவி, உனக்கு அதன் கதை பாதிதான் தெரிந்திருக்கும். 1964இல் நம் சொந்தத்தில் பாதிப் பேர் கடைகளை இழந்து மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார்கள். ஆச்சியின் அக்காவும் போனார்கள். போகும்போது விளக்கை ஆச்சியின் கையில் கொடுத்து, "இது இந்த மண்ணில் எரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். உனக்குப் பெயர் வைக்க நாங்கள் மோல்மேனுக்கு வந்தபோது தன்லுவின் ஆற்றில் பாலம் கிடையாது. அது 2005இல்தான் திறந்தது. மார்த்தபான் வரைக்கும் ரயில், அங்கிருந்து படகு. அந்தப் படகில் ஆச்சி இந்த விளக்கைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார்கள், யாரிடமும் கொடுக்கவில்லை. உன் தொட்டில் பக்கத்தில் ஏற்றி வைத்துவிட்டு, "இவள் கல்யாணத்துக்கு இது இவளுக்கு" என்று அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார்கள். தண்டில் ஆடிக்கொண்டிருந்த திருகைக் கொல்லரிடம் கொடுத்துச் சரி செய்து வைத்திருக்கிறேன். புதிதாக மெருகு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆச்சியின் கை பட்டுத் தேய்ந்த இடமெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வர முடியாமல் போனது நாங்கள் மட்டும் இல்லை. ரங்கூனில் இருக்கிற நம் பெரியவர்கள் பலர் வயதாலும் பாதை நிலவரத்தாலும் வரவில்லை. குமரன் தேறியதும் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, சாயந்திர நேரங்களில் அவர்கள் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொருவரையும் அவரவர் கையாலேயே உங்களுக்கு வாழ்த்து எழுதச் சொன்னேன். சின்னாச்சிக்குக் கை நடுங்குகிறது, ஆனாலும் விடவில்லை. "சண்டை வந்தா வரட்டும், சாப்பிடாம மட்டும் படுக்காதீங்க" என்று ஒரு பக்கம் முழுக்கப் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேருக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. அவர்கள் நம் தமிழையே பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு அது சுலபமாக இருக்கும், நீ அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேள். பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா நீ சின்னப் பிள்ளையில் இங்கே வரும்போதெல்லாம் உனக்குத் தனக்கா பூசிவிட்டவர். அவரும் கேட்டு வாங்கி எழுதினார். அத்தை தன் பக்கத்தில் ஆச்சியின் புளிக்குழம்பை அளவோடு எழுதியிருக்கிறாள், அதில் எவ்வளவு ங்கப்பி சேர வேண்டும் என்பது உட்பட. குமரன் கட்டிலில் படுத்தபடியே ஒரு பாலமும் அதன் மேல் ஒரு பஸ்ஸும் வரைந்திருக்கிறான். பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். கடைசியில் நிறையத் தாள் வெள்ளையாக விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிற பெரியவர்களிடம் நீங்களும் எழுதி வாங்குங்கள்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு தடின்ஜுட் விடுமுறையில் தட்டோனுக்கு வரலாம் என்று நினைக்கிறோம். அதற்குள் குமரனுக்குப் பழைய பலம் வந்துவிடும் என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். ஊரெல்லாம் விளக்கு ஏற்றுகிற நாள், ஆச்சியின் விளக்கையும் அன்றைக்கே உங்கள் வீட்டில் ஏற்றலாம். நீங்கள் இருவரும் மனையில் உட்காருங்கள். நான் மாலை போட்டு, சீர்த்தட்டைக் கொடுத்து, திருநீறு பூசுகிறேன். அப்புறம் அத்தை சமைப்பாள். புரட்டாசியாக இருக்கும் என்பதால் சைவம்தான். நீ அடுப்படிப் பக்கமே வரக் கூடாது, தேவி. மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும் கட்டாயம் எங்களோடு இலையில் உட்கார வேண்டும், அவர்களிடம் நானே பேசி அழைக்கிறேன். அந்தச் சமயம் உங்களுக்குத் தோதுப்படாவிட்டால், தலைதீபாவளிக்கு நீங்கள் அக்கா வீட்டுக்கு மோல்மேன் போகும்போது நாங்களும் அங்கே வந்துவிடுகிறோம். மாப்பிள்ளை, உங்கள் வேலைக்கும் வீட்டுக்கும் எது வசதியோ அதைச் சொல்லுங்கள். எங்களுக்காக எதையும் மாற்ற வேண்டாம்.

ஒரு விஷயம் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. புது வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற தொட்டி, டிரம் எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள். சாமி மாடத்துப் பூச்சாடித் தண்ணீரை வாரத்துக்கு ஒரு தடவையாவது கொட்டி, உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். இந்தக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில் கடிக்கும். மழை நாளில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை, முக்கியமாக ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும், கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, வாந்தி, கை கால் ஜில்லிப்பு, ஈறில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாங்கள் பட்டது போதும், உங்களுக்கு வேண்டாம்.

குமரன் பக்கத்தில் நின்றுகொண்டு, "அக்காகிட்ட நான் ஸாரி சொன்னேன்னு எழுதுங்கப்பா" என்கிறான். நோயில் விழுந்ததற்குப் பிள்ளை எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? நீ ஒரு தடவை அவனிடம் போனில் பேசிவிடு. தன்னால்தான் அக்கா கல்யாணம் போய்விட்டது என்று மனதில் வைத்துக்கொண்டிருக்கிறான். நாங்கள் சொல்வதைவிட நீ சொன்னால் கேட்பான்.

தட்டோனா மோல்மேனா என்று இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். பஸ்ஸுக்கு முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும்.

என்றும் அன்புடன்,
மாமா முருகேசன்
அத்தை, குமரன், சின்னாச்சி