ரெஸ்பிரேட்டரி பிசியாலஜி: பத்து நாள் திட்டம்

அன்புள்ள தம்பி முகிலனுக்கு,

இன்டர்னலுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். பலரும் ஆக்சிஜன் கர்விலிருந்து தொடங்குவார்கள். நீ மெக்கானிக்ஸிலிருந்து தொடங்கு. அது புரியாவிட்டால் மீதி எல்லாம் மனப்பாடம்தான்.

முதல் மூன்று நாளும் மெக்கானிக்ஸ். ஒரே ஒரு மூச்சை எடுத்துக்கொண்டு நுரையீரல் கொள்ளளவு, ஆல்வியோலார் பிரஷர், ப்ளூரல் பிரஷர் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரை. மூச்சை இழுக்கும்போது ப்ளூரல் பிரஷர் −5-லிருந்து −7.5 செ.மீ. தண்ணீர் அளவுக்கு இறங்கும். ஆல்வியோலார் பிரஷரோ −1 வரை இறங்கி, இழுத்து முடிக்கையில் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். நிறையப் பேர் படம் தப்பாவது இந்தப் பூஜ்யத்தில்தான். காற்று ஓட்டம் நின்ற இடத்தில் அழுத்த வேறுபாடு இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டால் கை தானாகச் சரியாக வரையும். சர்ஃபாக்டன்ட், கம்ப்ளையன்ஸ் இரண்டையும் இதோடு முடித்துவிடு.

நான்காம் நாள் வால்யூம்கள். டைடல் 500, இன்ஸ்பிரேட்டரி ரிசர்வ் 3000, எக்ஸ்பிரேட்டரி ரிசர்வ் 1100, ரெசிடுவல் 1200 மி.லி. இந்த நான்கு போதும், கெப்பாசிட்டி எல்லாம் கூட்டல்தான். ரெசிடுவல் வால்யூமை ஸ்பைரோமீட்டரால் அளக்க முடியாது. அதனால் அது சேர்ந்த எஃப்ஆர்சி, டிஎல்சி இரண்டையும் அளக்க முடியாது. வைவாவில் விரும்பிக் கேட்பார்கள்.

டெட் ஸ்பேஸுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார். 500 மி.லி. வீதம் 12 மூச்சு, 250 மி.லி. வீதம் 24 மூச்சு: இரண்டிலும் நிமிடத்துக்கு 6000 மி.லி. ஒவ்வொரு மூச்சிலும் 150 கழித்தால் முதலாவதில் 4200, இரண்டாவதில் வெறும் 2400. மேலோட்டமான வேகமூச்சு ஏன் பயன்படாது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாம் நாள் டிஃப்யூஷன், வென்டிலேஷன்–பெர்ஃப்யூஷன். இந்தச் சூத்திரத்தைக் கட்டாயம் போட்டுப் பழகு:

PAO2 = 0.21 × (760 − 47) − 40/0.8 = 100 mmHg (ஏறக்குறைய)

நீராவிக்கான 47-ஐக் கழிக்க மறப்பதுதான் வழக்கமான பிழை.

ஆறு, ஏழு: வாயு கடத்தல். கிராஃப் தாளில் 26-க்கு 50%, 40-க்கு 75%, 60-க்கு 90%, 100-க்கு 97% என்று நான்கு புள்ளி வைத்துச் சேர்த்தால் கர்வ் வந்துவிடும். 60-க்குக் கீழே எவ்வளவு செங்குத்தாக விழுகிறது என்று கவனி. போர் எஃபெக்ட், ஹால்டேன் எஃபெக்ட் இரண்டும் குழம்பும்: கார்பன் டைஆக்சைடு கூடி ஆக்சிஜனை விடவைப்பது போர், ஆக்சிஜன் ஒட்டி கார்பன் டைஆக்சைடை விடவைப்பது ஹால்டேன்.

எட்டாம் நாள் ரெகுலேஷன். சென்ட்ரல் கீமோரிசெப்டரை ஆக்சிஜன் குறைவு தூண்டாது, பெரிஃபெரலைத்தான் தூண்டும். அதுவும் பார்ப்பது ஆக்சிஜனின் அழுத்தத்தை, மொத்த அளவை அல்ல. அனீமியாவில் மூச்சு வேகம் அவ்வளவாகக் கூடாததற்கு அதுதான் காரணம்.

ஒன்பதாம் நாள் ஹைப்பாக்சியா வகைகள், ஹை ஆல்டிட்யூட். அரை நாள் போதும். பத்தாம் நாள் புத்தகத்தைத் திறக்காதே, கடிகாரம் வைத்து ஒரு எஸ்ஸே, ஐந்து ஷார்ட் நோட்ஸ் எழுது.

சனிக்கிழமை மாலை லைப்ரரிக்கு வா. நீ வரைந்த மூச்சுப் படத்தை மறக்காமல் கொண்டு வா, அதைப் பார்த்துவிட்டு வைவா கேட்கிறேன்.

அன்புடன்,
மலர் அக்கா