கரை வந்து சேரணுமே
வள்ளம் இறக்கும் நாளுக்கான ஆசிப் பாடல்

(கச்சான் தணிந்து ஐப்பசியில் காக்கைதீவுக் கரையில் பாடுவதற்கு. சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் தொடங்குங்கள். முன்பாட்டை வயதில் மூத்த தொழிலாளி ஒருவர் பாடட்டும், பின்பாட்டு எல்லாருக்கும். மேளம் வேண்டாம், கைதட்டினால் போதும். அப்போதுதான் சொல் கேட்கும்.)

முன்பாட்டு:
களனி கங்கை கடலைச் சேரும் முகத்துவாரத்திலே
காத்திருக்கு எங்கள் வள்ளம் கரை மணலின் மேலே

எல்லாரும்:
காத்தருளும் ஆண்டவரே, கடல்மேல் நடந்தவரே
போற பிள்ளை எல்லாரும் கரை வந்து சேரணுமே

முன்பாட்டு:
கச்சான் காற்று அடிச்ச மாசம் கரையோடு கிடந்தோம்
கடைக் கொப்பியில் கடன் எழுதி அரிசி வாங்கித் தின்றோம்
கிழிஞ்ச வலையை வாசலிலே பொத்திப் பொத்தி முடித்தோம்
கடல் அடங்கிப் போச்சுதென்று வள்ளம் இறக்க வந்தோம்

இராவெல்லாம் வலை வீசி வெறுங்கையாய் இருந்த
இராயப்பரின் வலை கிழிய மீன் கொடுத்தவரே
காற்றை அதட்டி அலையை அடக்கிக் காத்து நின்றவரே
எங்கள் வள்ளத்து அணியத்திலும் ஏறி இருப்பீரே

(பின்பாட்டு)

கொச்சிக்கடைக் கோடி அற்புதர் அந்தோனியாரே
கூட வாரும், கூட வாரும், கும்பிட்டு நிற்கிறோம்
துறைமுகத்து வெளிச்சம் மறைய, பெரிய கப்பல் வரும் வழியில்
சின்ன விளக்குத்தான் எங்களுக்கு, பார்த்துக்கொள்ளும்
நடுக்கடலில் எஞ்சின் நின்று நீரோட்டம் இழுத்தால்
பக்கத்து வள்ளம் கண்ணில் படப் பாதை காட்டும் மாதாவே
காலநிலை சரியில்லை என்று ரேடியோ சொன்ன நாளில்
கரையில் இருக்கும் பொறுமை தாரும்
லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னால் சிரிக்காத புத்தி தாரும்

(அடுத்த அடிகளை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கித் தொழில் நின்றதை நாங்கள் பார்த்தவர்கள். நமக்காக மட்டும் அல்ல, கடலுக்காகவும் கேட்க வேண்டும்.)

எரிந்த கப்பல் கொட்டிய நஞ்சு இனி வரவேண்டாம்
ஆமையும் மீனும் குஞ்சும் வாழ அலையைக் கழுவித் தாரும்

(பின்பாட்டு)

பெண்கள்:
எத்தனை மணிக்கு வருவாரென்று பிள்ளை கேட்கும் ஆண்டவரே
விடிஞ்சதும் கரைக்கு ஓடி வந்து எண்ணிப் பார்க்கிறோம்
மீன் குறைஞ்சால் பொறுத்துக்கொள்வோம், ஆள் குறையக் கூடாது
போய்த் திரும்பாத எங்கள் ஆட்களை உம் கரையில் ஏற்றுக்கொள்ளும்

எல்லாரும்:
சூரைக்கும் அறுக்குளாவுக்கும் நன்றி ஆண்டவரே
சாளைக்கும் கீரிக்கும் நன்றி, பாரைக்கும் நன்றி
பேலியகொடைச் சந்தைக்குப் போகும் கூடைக்கு நன்றி
சோற்றில் விழுந்த குழம்புக்கும் நன்றி ஆண்டவரே
முதல் நாள் மீனில் ஒரு கூறு ஆளில்லாத வீட்டுக்கு
எடுத்து வைப்போம், மறக்கமாட்டோம், சாட்சி நீரே

முன்பாட்டு: ஏலேலோ ஐலசா, தோள் கொடு!
எல்லாரும்: ஏலேலோ ஐலசா, தள்ளு!
முன்பாட்டு: அந்தோனியார் துணை, தோள் கொடு!
எல்லாரும்: ஏலேலோ ஐலசா, தள்ளு!

(வள்ளம் மிதக்கும்வரை இதையே திருப்பிப் பாடுங்கள்.)