ரசாயன ஸ்டோர், நீலக் கேன்: எச்சரிக்கை லேபலின் தமிழ்ப் படி

பொகவந்தலாவைத் தோட்டத் தண்ணீர்த் தாங்கிக்குக் குளோரின் கலப்பவர்களுக்காக எழுதியது. லேபல் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அதில் உள்ளதை அந்தந்தத் தலைப்பின் கீழ் அப்படியே தந்திருக்கிறேன். "நம் குறிப்பு" என்று வருவது மட்டும் லேபலில் இல்லாதது.

பொருள்
சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், 12%. NaOCl. UN 1791. 25 லீட்டர்.

எச்சரிக்கைச் சொல்
அபாயம்

ஆபத்து வாசகங்கள்
H290 உலோகங்களை அரிக்கலாம்.
H314 தோலைக் கடுமையாகச் சுட்டுப் புண்ணாக்கும், கண்ணைக் கெடுக்கும்.
H400 நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு.
H411 நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. பாதிப்பு நீண்ட காலம் இருக்கும்.
EUH031 அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வெளிவரும்.

படங்கள்
இரண்டு. இரண்டுமே சிவப்புக் கரையிட்ட சாய்சதுரம், வெள்ளைப் பின்னணி, கறுப்பு உருவம்.
முதலாவது: இரண்டு குழாய்களிலிருந்து திரவம் ஊற்றுகிறது, ஒன்றின் கீழே உலோகத் துண்டு, மற்றதன் கீழே கை, இரண்டும் அரிபடுகின்றன.
இரண்டாவது: இலையில்லாத மரம், செத்த மீன்.

நம் குறிப்பு: மண்டையோட்டுப் படம் இல்லையே என்று யாரும் தைரியம் கொள்ள வேண்டாம். நச்சு வாயு பற்றிய எச்சரிக்கைக்குப் படமே கிடையாது, EUH031 என்ற ஒற்றை வரிதான். கழிவறை கழுவும் அமிலம் இதில் பட்டால் வருவது குளோரின் வாயு, மூச்சை அடைக்கும். படத்தை மட்டும் பார்த்து வேலை செய்பவர்களுக்கு இதை வாயால் சொல்லியே ஆக வேண்டும். அமிலப் போத்தல்கள் இந்த ஸ்டோரில் இருக்கவே கூடாது, மேல் தட்டிலும் சரி.

முன்னெச்சரிக்கை வாசகங்கள்
P260 ஆவியையோ தெறிக்கும் துளியையோ சுவாசிக்காதீர்கள்.
P273 சுற்றுச்சூழலில் கலக்க விடாதீர்கள்.
P280 பாதுகாப்புக் கையுறை, உடை, கண்ணாடி அணியுங்கள்.
P301+P330+P331 விழுங்கிவிட்டால்: வாயைக் கொப்பளியுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
P303+P361+P353 தோலிலோ தலைமுடியிலோ பட்டால்: பட்ட உடைகளை உடனே கழற்றுங்கள். தோலைத் தண்ணீரில் அலசுங்கள்.
P305+P351+P338 கண்ணில் பட்டால்: சில நிமிடங்கள் தண்ணீரால் மெதுவாக அலசுங்கள். கண்வில்லை இருந்து, எளிதாக எடுக்க முடிந்தால் எடுத்துவிட்டுத் தொடர்ந்து அலசுங்கள்.
P310 உடனே நஞ்சுத் தகவல் நிலையத்தையோ வைத்தியரையோ அழையுங்கள்.
P391 சிந்தியதைச் சேகரியுங்கள்.
P405 பூட்டி வையுங்கள்.

நம் குறிப்பு: அம்புலன்ஸுக்கு 1990. வரும்வரை அலசுவதை நிறுத்தாதீர்கள். சிந்தினால் மணலைப் போட்டு அள்ளுங்கள், கானுக்குள் கழுவி விடவே வேண்டாம். நம் கான் தண்ணீர் கெசல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

விநியோகித்தவர்
பெயரும் முகவரியும் ஈரத்தில் அழிந்துவிட்டன. பில்லில் இருக்கின்றன, பில் ஸ்டோர் ஃபைலில் உள்ளது.

நம் குறிப்பு: காலிக் கேனைத் தண்ணீர் பிடிக்க லயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஓட்டை போட்டு ஸ்டோரிலேயே வையுங்கள்.