முதல் வாரப் பயிற்சி: திங்கட்கிழமைக்கு முன் படிக்க வேண்டியவை

வணக்கம் அக்கா,

நேரில் பேசியபோது நீங்கள் கூறியவற்றையும், பலதுறை மருந்தக மருத்துவர் பயிற்சிக்கு இசைவளித்து எழுதிய கடிதத்தையும் மனத்தில் கொண்டு முதல் வாரத் திட்டத்தை அமைத்திருக்கிறேன். இந்த வாரம் உங்களைக் களைக்க வைப்பது என் நோக்கமன்று. உங்கள் உடல் எப்படி அசைகிறது என்று நான் பார்ப்பதற்கும், அசைவுகளை நீங்கள் பிழையின்றிப் பழகுவதற்கும் மட்டுமே இதை ஒதுக்கியிருக்கிறேன்.

திங்கள், புதன் ஆகிய நாள்களில் இரவு 7.30 மணிக்கு உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்துவிடுவேன். 45 நிமிடங்களில் நாற்காலியில் அமர்ந்து எழுந்திருத்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், ரப்பர் பட்டையை இழுத்தல் ஆகிய மூன்றையும் பத்துப் பத்து முறையாக இரு சுற்றுகள் செய்வோம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உட்கொள்வதால் எந்த அசைவிலும் மூச்சை அடக்காதீர்கள். எழும்போதும் தள்ளும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். வழக்கமான மருந்தை எந்த நாளும் தவிர்க்க வேண்டாம்.

சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் 30 நிமிடம் நடப்போம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுவே உங்களுக்கான வேகம். இடியோ மின்னலோ இருந்தால் பூங்காவுக்குப் போகாமல் கீழ்த்தளத்திலேயே நடப்போம். மற்ற நாள்களில் இரவு உணவுக்குப் பின் 15 நிமிட நடை போதும்.

புதன்கிழமை காலை படியிறங்கும்போது தொடைகள் வலிக்கக்கூடும். பழக்கமில்லாத வேலையைச் செய்த தசைகளில் வலி ஓரிரு நாள் கழித்தே உச்சத்தை எட்டும் என்பதால், பலர் இந்தக் கட்டத்தில்தான் அஞ்சி நின்றுவிடுகிறார்கள். இரு தொடைகளிலும் பரவலாக இருக்கும் மந்தமான வலி தானே அடங்கிவிடும். ஆனால் உங்கள் வலது முழங்காலில் குத்துவது போன்ற வலியோ வீக்கமோ வந்தால் உடனே தெரிவியுங்கள், பயிற்சியை மாற்றிக்கொள்ளலாம். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ ஏற்பட்டால் எனக்குச் செய்தி அனுப்பிக் காத்திராமல் 995-ஐ அழையுங்கள்.

தயவுசெய்து இந்த வாரம் எடை பார்க்க வேண்டாம். புதிதாக உழைத்த தசைகள் நீரைத் தேக்கிக்கொள்வதால் எடை சற்றுக் கூடியும் காட்டலாம். அதைக் கண்டு மனம் தளர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உணவையும் இப்போதே மாற்றச் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம். என்ன உண்டீர்கள் என்பதை மட்டும் ஏழு நாளும் ஒளிக்காமல் எழுதி வையுங்கள்.

பயிற்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு பிஸ்கட் அல்லது ஒரு வாழைப்பழம் உண்டு, தண்ணீர்ப் போத்தலுடனும் காலணியுடனும் வாருங்கள், சிலிப்பர் வேண்டாம். வர இயலாவிட்டால் முந்தைய நாள் இரவுக்குள் சொல்லிவிட்டால் வேறு நேரம் பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை நேரம் உங்களுக்கு ஒத்துவருமா என்பதை ஞாயிறு மாலைக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பயிற்சியாளர்