உப்புவெளி வீடு: மாதக் கரண்ட் கணக்கு (30 நாள்)

| சாமான் | வொட் | நாளுக்கு மணி | மாத யூனிட் |
|---|---|---|---|
| சீலிங் ஃபேன் 2 | 150 | 10 | 45 |
| பிரிட்ஜ் | 120 | 10 | 36 |
| றைஸ் குக்கர் | 700 | ½ | 10.5 |
| டிவி | 80 | 4 | 9.6 |
| அயன் | 1000 | ¼ | 7.5 |
| எல்இடி பல்ப் 5 | 45 | 5 | 6.75 |
| கிணத்து மோட்டர் | 400 | ½ | 6 |
| மொத்தம் | | | 121.35 |

யூனிட் = வொட் × மணி × 30 ÷ 1000.

பிரிட்ஜ் நாள் முழுக்கச் செருகித்தான் இருக்கும். 10 மணி என்பது கம்பிரசர் ஓடும் நேரம். கதவு ரப்பர் தளர்ந்தால் அது கூடும்.

120ஐத் தாண்டினால் அடுத்த கட்டணப் படி. இந்த 1.35க்கு, அயன் பண்ணுவதைக் கொஞ்சம் குறைத்தாலே போதும்.

கச்சான் வீசும் மாதங்களில் அந்தப் பேச்சே இல்லை: ஃபேன் 16 மணி ஓடும், 27 யூனிட் ஏறும், மொத்தம் 148.35.